ஆறு ஜிபியும் அக்கா கல்யாண வீடியோவும்

அக்கா மகனின் அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸ் படுத்துவிட்டது. கூடவே வந்த பாஸ் லினக்ஸுக்கு மட்டும் உயிர் இருந்தது. "மாமா, உபுண்டு 24.04 போட்டுருவோம்" என்றான். கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி. தங்கச்சிமடத்தில் எங்களுக்கு வாய்த்தது போன் ஹாட்ஸ்பாட், நாளுக்கு 1.5 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் முழுக்க இறக்க எட்டு நாளுக்கு மேல் ஆகும்.

பையன் பிரவுசரில் ஆரம்பித்தான். காற்று அடித்தது, சிக்னல் போனது, இறங்கியதெல்லாம் போனது. அரிச்சல்முனையில் டவர் நன்றாக எடுக்கும் என்றான். அங்கே எடுப்பது சில நேரம் இலங்கை டவர், ரோமிங் பில் யார் கட்டுவது? டெர்மினலைத் திறக்கச் சொன்னேன்.

```
wget -c -t 0 -T 30 முகவரி
```

`-c` போட்டால் ஏற்கெனவே வந்த பைட்டுகளை எண்ணி, மிச்சத்தை மட்டும் சர்வரிடம் கேட்கும். `-t 0` என்றால் சலிக்காமல் முயலும். முக்கியமானது `-T 30`. அது இல்லாவிட்டால் செத்த இணைப்பின் முன்னால் கால் மணி நேரம் தேமே என்று உட்கார்ந்திருக்கும். இரவு பதினொன்றுக்கு மேல் தொடங்குவோம். அன்றைய மிச்சம் தீரும்போது பன்னிரண்டு அடிக்கும், அடுத்த நாள் கோட்டா திறக்கும். அந்த நேரத்தில் மச்சான் ரீல்ஸ் பார்க்கத் தடை. வீட்டில் 144 போட்ட மாதிரி இருந்தது.

4 ஜிபி தாண்டியதும் நின்றது. மறுபடி ஓட்டினோம், அதே இடத்தில் நின்றது. "நெட்வொர்க் மாமா" என்றான். நெட்வொர்க் கண்ட இடத்தில் அறும், ஒரே பைட்டில் வந்து நிற்காது. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று பென்டிரைவில் இறக்கிக்கொண்டிருந்தான். அது ஃபேட்32. 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை அது வாங்காது. டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தது அக்கா கல்யாண வீடியோ, சின்னச் சின்னத் துண்டுகளாக. அதைப் பென்டிரைவுக்கும், பாதிக் கோப்பை டிஸ்க்குக்கும் இடம் மாற்றினோம். அதே கட்டளை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது.

முடிந்ததும் `sha256sum` ஓட்டி, உபுண்டு தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டோம். கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. போகாவிட்டாலும் அழ வேண்டியதில்லை. அதே கோப்பை அதன் டோரண்ட்டோடு சேர்த்து டோரண்ட் மென்பொருளிடம் கொடுத்தால், கெட்ட துண்டுகளை மட்டும் மறுபடி இறக்கும்.

இனி இதைப் பென்டிரைவில் எழுதி பூட் செய்ய வேண்டும். எழுதினால் அதில் இருப்பதெல்லாம் அழியும். வீட்டில் இருப்பது ஒரே பென்டிரைவ். அக்காவிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.