முட்டை ஒன்று, சத்தம் ஏழு நிமிடம்

இரண்டு நாட்டுக்கோழி வளர்த்தால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். தீவனம், கூண்டு, தடுப்பூசி எல்லாம் அதில் இருந்தன. சத்தம் மட்டும் விட்டுப் போயிற்று.

செவலை முட்டை வைத்த முதல் நாள், யாரோ அதன் கழுத்தைத் திருகுகிறார்கள் என்று நினைத்துப் பாதிச் சவரத்தோடு கொல்லைப்பக்கம் ஓடினேன். பக்... பக்... பக்... பகாஆக்! கீழ்ஸ்தாயியில் நாலைந்து தட்டு, பிறகு ஓர் உச்சம். மறுபடி தட்டு, மறுபடி உச்சம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: ஏழு நிமிடம். வைத்தது ஒரே ஒரு முட்டை. அதுவும் சிறிசு.

"ஆமை நூறு முட்டை போடுது, சத்தமே இல்ல. இது ஒண்ணப் போட்டுட்டு ஊரைக் கூட்டுது" என்றேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "போன வாரம் பாத்ரூம்ல பல்பு மாத்தினீங்களே, எத்தனை பேருக்கு போன் பண்ணீங்க?"

மூன்று பேருக்குத்தான். அது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் காலை ஒன்பதரைக்கு அலுவலகக் கூட்டம். கணினி முன்னால் உட்கார்ந்து அமெரிக்காவோடு பேசுவான். "சார், உங்க கோழி எங்க மேனேஜருக்கே பதில் சொல்லுது" என்று ஒருநாள் சுவர் மேல் தலை நீட்டினான். நான் உடனே, நாளை முதல் ஒன்பதரைக்கு முட்டை இருக்காது என்று வாக்குக் கொடுத்தேன். ஆச்சரியம், வாக்கு பலித்தது. மறுநாள் பத்தரைக்கு வைத்தது, அதற்கடுத்த நாள் பன்னிரண்டுக்கு. என் நிர்வாகத் திறமை என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பிறகு படித்துப் பார்த்தால், கோழியின் வயிற்றில் ஒரு முட்டை முழுசாக உருவாக 24 மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகிறது. அதில் ஓடு கட்டுவதற்கே ஏறக்குறைய 20 மணி நேரம். அதனால் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ரொம்பத் தள்ளிப்போய்ப் பிற்பகலைத் தொட்டதும் ஒருநாள் விடுமுறை. பிறகு மறுபடி காலையிலிருந்து ஆரம்பம். ஐந்தாம் நாள் தம்பியின் தலை மறுபடி சுவர் மேல் தெரிந்தது.

அடுத்த மாதம் செவலை கூண்டுக்குள் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது. சத்தம் மட்டும் தவறாமல் வந்தது. ரசீது உண்டு, சரக்கு இல்லை. அது தண்ணீர்த் தொட்டி மேல் நின்று கொக்கரிக்கும்; நான் தொட்டியைச் சுற்றி மண்டியிட்டுத் தேடுவேன். மறுநாள் முருங்கை அடியில் கொக்கரிக்கும். முருங்கை அடியில் கம்பளிப்பூச்சி கிடைத்தது, முட்டை கிடைக்கவில்லை. பத்து நாள் சத்தம் வந்த திசையெல்லாம் ஓடி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்த நேரத்தில்தான் மாமியார் ஊரிலிருந்து வந்தார். நான் தொட்டிக்கு அடியில் தவழ்ந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாப்ளே, அது கத்துற இடத்துல தேடாதீங்க. அது கத்துறதே நீங்க அங்க தேடணும்னுதான்" என்றார்.

மாமியார் ஒரே வரியில் முடித்ததை, படித்தவர்கள் கொஞ்சம் விரித்துச் சொல்கிறார்கள். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. புதருக்குள் மறைவாகத் தரையில் முட்டையிடும் பறவை அது. உட்கார்ந்துவிட்டால் வைத்து முடிக்கும்வரை மூச்சு விடாது. எழுந்து சில அடி தள்ளிப்போன பிறகுதான் தொண்டையைத் திறக்கும். நாயையோ பூனையையோ கண்டால் போடும் கூச்சலும் இதுவும் கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றே. நரியோ கீரியோ சத்தத்தைத் தேடிப் போனால் கிடைப்பது ஓடத் தெரிந்த கோழி. ஓடத் தெரியாத முட்டை வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். பத்து நாளாக அந்தக் கீரி வேலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் கொஞ்சம் மந்தமான கீரி.

இதுதான் காரணம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. கூச்சல், தூரத்தில் போகிற எதிரியையும் கூப்பிட்டு விருந்து வைத்ததாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணம் வேறு: கோழி முட்டைக்காக அரைமணி, ஒருமணி ஒதுங்கியிருக்கும்போது கூட்டம் மேய்ந்துகொண்டே எங்கோ போய்விடும். அடர்ந்த காட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 'நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எங்கே?' என்று ஓங்கிக் கேட்கிறது. சேவல் பதில் குரல் கொடுத்து, வந்து அழைத்துப் போகும். எனக்கு இது மனத்தைத் தொட்டது. எங்கள் வீட்டில் சேவல் கிடையாது. பக்கத்து வீட்டோடு போட்ட உடன்படிக்கை அப்படி. பதில் வராததால்தான் செவலை ஏழு நிமிடம் கூப்பிடுகிறதோ என்று நினைத்து, ஒருநாள் நானே சுவரோரம் நின்று சேவல் குரலில் பதில் கொடுத்தேன். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் கூட்டத்தில்தான் கொஞ்ச நேரம் அமைதி நிலவியதாம்.

சேவலைக் கூப்பிட அல்ல, விலக்கி வைக்கத்தான் இந்தச் சத்தம் என்று நேர்மாறாகவும் ஒரு யோசனை இருக்கிறது. டொமாசோ பிட்சாரி, டிம் பர்க்ஹெட் என்ற இருவர் 2001-இல், கோழி யாருக்காகக் கொக்கரிக்கிறது என்று தலைப்பிலேயே கேட்டு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். முட்டையிடும் நேரத்தை ஒட்டிச் சேர்ந்தால் கரு கூடும் வாய்ப்பு குறைவு. 'இப்போது பயனில்லை, தொந்தரவு செய்யாதே' என்று கோழி சேவலுக்குச் சொல்கிறதா என்பதுதான் அவர்கள் ஆராய்ந்த விஷயம். இதை நான் மாமியாரிடம் விளக்கவில்லை.

ஆமை விஷயமும் இங்கேதான் புரிந்தது. சென்னைக் கடற்கரைக்கு இரவில் வரும் பங்குனி ஆமை நூறு முட்டையை மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குள் போனால் போனதுதான். திரும்பிச் சேரவேண்டிய கூட்டம் இல்லை, நாளை வந்து அடுத்ததை வைக்கவேண்டிய கூடும் இல்லை. அது யாருக்காகக் கத்தும்?

"வச்ச பிறகு போடுற சத்தத்த விடுங்க மாப்ளே. வைக்கிறதுக்கு முன்னால கேறும், அதக் கவனிங்க" என்றார் மாமியார். முட்டை முட்டும்போது கோழி தொண்டைக்குள் இழுத்து இழுத்து முனகிக்கொண்டு, மூலை மூலையாக எட்டிப் பார்த்துக்கொண்டு அலையும். அதுதான் கேறுவது. அப்போது பின்னால் ஓடக்கூடாது. பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கிறோம் என்று தெரிந்தால் உள்ளே போகாமல் இழுத்தடிக்கும். நான் செய்தித்தாளில் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்தேன். செவலை செய்தித்தாளையே முறைத்துப் பார்த்தது. மாமியார் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தார், தலைகூட நிமிரவில்லை.

நாலு நாள் கழித்துக் காலையில் தட்டில் ஆம்லெட் வந்தது. கடையில் வாங்கியதா என்றேன். மாமியார் முதல்நாளே கண்டுபிடித்துவிட்டாராம். மொத்தம் பதினொன்று. எது எப்போது வைத்ததென்று தெரியாததால் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்த்து, அடியில் படுத்ததை மட்டும் சமையலுக்கு வைத்து, மிதந்த இரண்டைக் குழி தோண்டிப் புதைத்து, கோழி இடம் மாற்றிவிடாமலிருக்கக் கூட்டில் ஒன்றை விட்டுவைத்து, எல்லாம் முடிந்தும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கே இருந்தது?" என்றேன்.

மனைவிதான் சொன்னாள். மூன்று வருடம் முன்பு, தினமும் அரைமணி மிதிப்பேன் என்று நான் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. அதற்கு அடியில். ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறது செவலை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பகாஆக் என்று சத்தம் வந்தது. எல்லாம் தெரிந்தும் நான் தொட்டியை நோக்கித்தான் ஓடினேன்.