கையில எவ்வளவு இருக்குது மாப்ள?

என் கம்பெனியில் பணம் போட்டவர்கள் மூன்று பேர். முதலாமவர் என் தாய்மாமா. போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை, அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து எனக்குக் கொடுத்தார். இரண்டாமவர் பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருக்கும் அண்ணா. மூன்றாமவர் புனேக்காரர். தமிழ் தெரியாது, ஆனால் ‘ரன்வே’, ‘பர்ன்’ என்று பேசுகிற மொழி சரளமாக வரும். இந்த மூவருக்கும் காலாண்டுக்கு ஒருமுறை நான் ஒரு பக்க அறிக்கை அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. மாமா வீடு அடுத்த தெருவில் இருப்பதால் அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை.

நாங்கள் செய்வது ஒரு சின்னப் பெட்டி. தோட்டத்து போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு இணைத்துவிட்டால், தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடும்போதும், மூன்று பேஸில் ஒன்று போய்விட்டாலும் தானே நிறுத்திவிடும். போனிலிருந்தும் போட்டு நிறுத்தலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு நான் எழுதிய முதல் வரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கோடிசியாவில் நடந்த அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலில் எடுத்த போட்டோவோடு தொடங்கியது. “நானூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் ஆர்வம் காட்டினார்கள்” என்று கீழே எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. எங்கள் பக்கத்து ஸ்டாலில் துணிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த வரிசை எங்கள் ஸ்டால் வழியாகத்தான் போனது. வரிசையில் நின்றவர்கள் பொழுது போகாமல் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டார்ட்டப் மொழியில் அதற்கு ‘பைப்லைன்’ என்று பெயர்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். போட்டோவைத் தாண்டினார், நானூறைத் தாண்டினார், கடைசி வரி வரை போனார், திரும்பி மேலே வந்தார்.

“கையில எவ்வளவு இருக்குது மாப்ள?”

“அது மூணாவது பாராவுல வருதுங்க மாமா.”

“மூணாவது பாராவுல ஏன் ஒளிஞ்சுக்கிட்டிருக்குது?”

பதினெட்டு லட்சம் என்றேன். மாதம் வெளியே போவது சுமார் 2,62,000. உள்ளே வருவது சுமார் 82,000. ஆகக் குறைவது மாதம் 1,80,000. பதினெட்டை ஒன்று புள்ளி எட்டால் வகுத்தால் பத்து மாதம் வரும். புனேக்காரர் மொழியில் ‘ரன்வே பத்து மாதம்’. எனக்கு அந்தப் பத்து பிடித்திருந்தது. ஒரு முழு எண்ணில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

மாமா பாஸ்புக் பழக்கத்தில் வளர்ந்தவர். பேனாவை எடுத்தார். “இந்தப் பதினெட்டுல உன்னுது எவ்வளவு?”

பல்லடம் டீலர் ஒருவர் இன்னும் அனுப்பாத பெட்டிகளுக்கு இரண்டு லட்சம் முன்பணம் தந்திருந்தார். அது பேங்கில் இருந்தாலும் என்னுடையது இல்லை. அதற்குச் சரக்கு செய்து கொடுக்க வேண்டும். கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. நாற்பதாயிரம் என்னோடு தங்கியிருக்கிற அரசாங்கப் பணம். தீபாவளி போனஸ் 1,20,000. கோயம்புத்தூரில் போனஸைச் செலவுக் கணக்கில் மறந்தவன் தீபாவளிக்குத் தனியாகப் பெட்டி செய்ய வேண்டியிருக்கும். மூன்றையும் கழித்தால் 14,40,000. வகுத்தால் எட்டு மாதம். ஒரு கப் டீ ஆறுவதற்குள் என் கம்பெனியின் ஆயுளில் இரண்டு மாதம் குறைந்துவிட்டது.

“எட்டுன்னு மொதல் வரியில போடு,” என்றார் மாமா.

“பயந்துக்குவாங்க மாமா.”

அப்போதுதான் அவர் சர்வீஸ் முழுக்கப் பார்த்த வேலையைப் பற்றிப் பேசினார். ரயில் சிக்னலில் ஒயர் அறுந்தாலும், கரண்ட் போனாலும், ரிலே கெட்டாலும் அது தானாகச் சிவப்புக்குத்தான் போகும், பச்சையில் நின்றுவிடாது. அப்படித்தான் அதன் சர்க்யூட்டையே அமைப்பார்கள். தகவல் வரவில்லை என்றால் டிரைவர் ஆபத்து என்று எடுத்துக்கொள்வார். “பணம் போட்டவனும் அப்படித்தான். நீ நெம்பர் எழுதாத எடத்துல எல்லாம் அவன் செவப்பாத்தான் படிப்பான்.”

1862-லிருந்து ரயில் ஓடுகிற ஊர் இது. இங்கே யாரிடமும் சிக்னலைப் பற்றி வாதம் செய்ய முடியாது. எட்டு என்று முதல் வரியில் போட்டேன்.

அடுத்தது விற்பனை. “இந்தக் காலாண்டில் 64” என்று எழுதியிருந்தேன். பீளமேட்டு அண்ணாவுக்கு முன்கூட்டியே போனில் வாசித்துக் காட்டினேன். அவர் பின்னால் ஃபர்னஸ் இரைச்சலோடு கேட்டார்: “அறுபத்திநாலுன்னா ஆர்டருங்களா, பில்லுங்களா, பணமுங்களா?”

ஃபவுண்டரிக்காரர்களிடம் இதுதான் தொல்லை. ஆர்டர் 64. அதில் பில் போட்டு அனுப்பியது 50. பணம் வந்தது 30. மூன்றுமே உண்மையான எண்கள்தான். எதை ‘விற்பனை’ என்று அழைப்பது என்பதில்தான் என் குணம் தெரிகிறது. ஒரு பெட்டி 7,000 ரூபாய், 18 சதம் வரி சேர்த்தால் 8,260. பில் போட்ட ஐம்பதுக்கும் வரி 63,000. சரக்கைப் பொறுத்தவரை வரி பில் தேதியில் விழுகிறது, பணம் வந்த தேதியில் இல்லை. அதனால் இன்னும் காசு கொடுக்காத இருபது பெட்டிகளின் வரிக்கும் நான்தான் பொறுப்பு. உதிரிபாகம் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் மூச்சு நிற்காமல் இருக்கிறது. ஆனால் விற்பனை ஏற ஏற பேங்க் இருப்பு இறங்குகிற அதிசயம் இப்படித்தான் நடக்கிறது. பில்லை மட்டும் வரைபடமாகப் போட்டால் நான் வளர்ந்துகொண்டே திவாலாகலாம்.

அந்த இருபது பெட்டிகளின் பணம் எங்கே? 2006-ல் வந்த சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. சட்டம் பிரமாதமானது. பொள்ளாச்சி டீலருக்குப் போன் செய்தால் “ஏனுங்க தம்பி, தேங்கா போடட்டும்ங்க” என்கிறார். உடுமலைக்காரர் “ஆயுத பூஜ முடியட்டும்ங்க” என்கிறார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் கூட்டு வட்டியைப் பற்றி எப்படிப் பேசுவது? கொங்கு நாட்டில் ‘ங்க’ என்பது ஒரு சட்டத் தடுப்புச் சுவர்.

அறிக்கையில் மூன்று எண்களையும் அடுத்தடுத்துப் போட்டு, 45 நாள் தாண்டிய பாக்கி எவ்வளவு என்று தனியாக ஒரு வரியும் எழுதினேன். அண்ணா “இப்பப் படிக்கலாம்ங்க” என்றார்.

வரைவைப் பார்த்த புனேக்காரரின் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. ஏப்ரல்–ஜூனில் 110 ஆர்டர், இப்போது 64. ஏன் இந்த வீழ்ச்சி? “ஆடி மாதம்” என்று எழுதியிருந்தேன். ‘ஆடி எந்தக் கம்பெனி, நம் போட்டியாளரா, எவ்வளவு முதலீடு திரட்டியிருக்கிறார்கள்?’ என்று கேட்டு அனுப்பினார். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை எங்கள் பக்கம் புது முதலீடு செய்ய யோசிப்பார்கள் என்று விளக்கினேன். அதைவிடப் பெரிய காரணம் மழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்து கிணறு ஊறும்போது எவருக்கும் மோட்டார் கருகும் பயம் வராது. பயம் வருவது மார்ச்சுக்குப் பிறகு. ஆகவே முந்தைய காலாண்டோடு ஒப்பிடாமல், போன வருஷம் இதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும். அப்போது 41, இப்போது 64. இதை நான் சாமர்த்தியம் என்று நினைத்து எழுதவில்லை. ஆனால் போன அறிக்கையில் இதே ஒப்பீட்டை முந்தைய காலாண்டோடு செய்து ‘அபார வளர்ச்சி’ என்று எழுதியிருந்தால், இப்போது வாய் திறக்க முடியாது. ஒரு அளவுகோலைப் பிடித்தால் அடிக்கிற வெயிலிலும் அதையே பிடிக்க வேண்டும்.

அவரிடம் முன்பு காட்டிய திட்டத்தில் ‘மின்சாரம் மிச்சம்’ என்று ஒரு வரி இருந்தது. அதை இந்த முறை எடுத்துவிட்டேன். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இலவசத்தை மிச்சம் பிடிக்க ஏழாயிரம் கொடு என்று கேட்டால், தோட்டக்காரர் மோர் கொடுத்து அனுப்பிவைப்பார். அவர் வாங்குவது ராத்திரி மும்முனைக் கரண்ட் வரும்போது எழுந்து போகாமல் தூங்குவதற்கும், காயில் கருகி ரீவைண்டிங்குக்கு அலையாமல் இருப்பதற்கும்.

கடைசிப் பகுதி, உதவி கேட்பது. “பொருத்தமான தொடர்புகளை அறிமுகம் செய்யவும்” என்று போன முறை எழுதியதற்கு மாமாவிடமிருந்து இரண்டு ஜாதகம் வந்தது. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கேட்கப்பட்டவர் தன்னிடம் இருப்பதைத்தான் தருவார். இந்த முறை குறிப்பாக எழுதினேன்: உடுமலை, பல்லடம் பக்கம் பெரிய ரீவைண்டிங் கடைகள் இரண்டு, மோட்டார் கருகினால் விவசாயி முதலில் அங்கேதான் போகிறார், அவர்களுக்கு அப்படியே அனுப்பத் தோதாக நான்கு வரிச் செய்தியும் கீழே.

அண்ணா சிரித்துவிட்டார். “தம்பி, அவங்க பொழப்பே கருகுன காயில்தானுங்க. கருகாம இருக்கற பொட்டிய அவங்க எப்படீங்க விப்பாங்க?”

இதை எந்த வரைபடமும் எனக்குக் காட்டவில்லை. ஆயிரம் அடி தாண்டிய போரில் மோட்டாரை இறக்கி ஏற்றுகிற வண்டிக்காரர்களைப் பிடியுங்கள் என்றார் அவர். புது மோட்டார் இறங்குகிற அன்றுதான் தோட்டக்காரர் மிகவும் பயந்து போயிருப்பார்; மோட்டாரைத் தூக்கி இறக்கிய கூலியை இன்னொரு தடவை கொடுக்கக் கூடாது என்பது அன்றைக்கு மட்டும் மனதில் பசுமையாக இருக்கும். வேண்டுகோளைத் திருத்தி எழுதினேன்: ரீவைண்டிங் கடை வேண்டாம், மோட்டார் இறக்கும் வண்டிக்காரர் மூன்று பேர் வேண்டும், பெட்டிக்கு இவ்வளவு கமிஷன்.

அனுப்பிய அன்றே மூன்று பதில் வந்தது. புனேக்காரர் கட்டைவிரலை உயர்த்தி, அடுத்த முறை ஆடி எப்போது வருகிறது என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார். மாமா, எட்டு மாதம் என்று எழுதியதை அத்தை பார்த்துவிட்டதாகத் தெரிவித்தார். அண்ணா வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்: “செட்டிபாளையத்துல வியாழக்கிழம காலைல ஒரு மோட்டார் எறக்கறாங்க. வண்டிக்காரருகிட்டச் சொல்லிட்டேனுங்க. ஆறு மணிக்கெல்லாம் போயிருங்க, ரெண்டு பொட்டி எடுத்துட்டுப் போங்க. கடன் மட்டும் சொல்லாதீங்க.”