முதல் வகுப்பில் யார் கேட்கிறார்கள்?

கேள்வி: செமஸ்டரின் முதல் வகுப்பு. பாதிப் பேர் இடம் தேடிக்கொண்டிருக்கும்போது விரிவுரையாளர் விதிமுறைகளைச் சொன்னால் யார் காதில் விழும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மின்விசிறியின் காதில்! அதனால் முதல் பத்து நிமிடம் பேசாமல், இன்டர்னல் மார்க் எப்படிப் பிரியும், அசைன்மென்ட் என்றைக்குத் தர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதட்டும். தாமதமாக வருபவரும் பார்த்துக்கொள்வார். அறை அடங்கியதும் வருகைப்பதிவைப் பற்றிச் சொல்லலாம். ‘75 சதவீதம் கட்டாயம்’ என்றால் யாரும் அசைய மாட்டார்கள். ‘45 வகுப்பில் 34-க்கு வந்தாக வேண்டும். மிச்சம் 11. காய்ச்சல், அக்கா கல்யாணம், பஸ் ஸ்டிரைக் எல்லாம் அதற்குள்தான்’ என்றால் கடைசி பெஞ்சும் கணக்குப் போடும். அந்த 11-ஐயும் முதல் மாதமே புதுப்படங்களுக்குச் செலவழித்தவர், தேர்வு நெருங்கும்போது மருத்துவச் சான்றிதழோடு நிற்பார். அதற்கான விதியையும் அன்றே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.