விபூதி பூசிய டம்ளர்

டிஷ்வாஷர் வாங்கிய ஒன்பதாம் நாள் அம்மா காபி டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா, இதுக்கு விபூதி பூசினது யாரு?" என்றார்.

பார்த்தேன். உள்ளும் புறமும் வெள்ளை படர்ந்து, எவர்சில்வர் டம்ளர் சிவபக்தனாகி இருந்தது. அம்மாவுக்கு இந்த மெஷின் மேல் முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அக்கா, மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த இடத்துக்குத்தான் மெஷின் வந்தது. "அவ தேய்ச்சா முகம் பார்க்கலாம்" என்று தினமும் ஒருமுறை நினைவூட்டல் நடக்கும்.

குற்றம் மெஷினுடையது இல்லை, என்னுடையது. கடைக்காரர் மெஷினோடு மூன்று சாமான்களை என் தலையில் கட்டப் பார்த்தார்: டிடர்ஜென்ட் பவுடர் டப்பா, ரின்ஸ் எய்ட் என்று ஒரு நீல பாட்டில், கூடவே ஒரு பை உப்பு. பாத்திரம் கழுவ சோப்பு வேண்டும், சரி. உப்பு எதற்கு? குழம்பா வைக்கப் போகிறேன்? போன் வாங்கினால் கவரும் கண்ணாடியும் சேர்த்து விற்கிற அதே வியாபாரம்தான் என்று முடிவு கட்டி, பவுடரை மட்டும் வாங்கிக்கொண்டு வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

பவுடர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதில் காரம் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க. தட்டில் காய்ந்து ஒட்டின சோற்றையும் பருப்பையும் உடைக்க என்சைம் இருக்கிறது. மஞ்சள் கறைக்கும் டீக்கறைக்கும் ஒரு வெளுப்பானும் உண்டு. நுரை மட்டும் வரக்கூடாது. ஒருநாள் பவுடர் தீர்ந்துபோய், கையால் தேய்க்கிற லிக்விடை இரண்டு ஸ்பூன் ஊற்றிப் பார்த்தேன். கதவிடுக்கு வழியாக நுரை பொங்கி வந்து சமையலறையில் கார்த்திகை மேகம் இறங்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

டம்ளருக்கு வருவோம். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே வெள்ளை இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு எலுமிச்சை மூடி போதும். டம்ளரின் ஒரு பக்கத்தில் தேய்த்து ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவினேன். தேய்த்த பக்கம் பளிச்சென்று இருந்தது, மறுபக்கம் அதே விபூதி. புளிப்புக்குக் கரைகிறது என்றால் அது சுண்ணாம்பு. கழுவாத அழுக்கு இல்லை, எங்கள் போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன கல். வெந்நீர் பக்கெட்டில் கீசர் போடுகிற அதே வெள்ளை வளையம்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. ஓடிப்போய் அந்த நீல பாட்டிலை வாங்கி வந்தேன். கதவின் உள்பக்கம் அதற்கென்று ஒரு குழி, அளவு வைக்க ஒன்று முதல் ஆறு வரை ஒரு திருகு. ஆறில் வைத்தேன். மறுநாள் கண்ணாடி டம்ளர்களில் பெட்ரோல் சிந்தின ரோட்டைப் போல நீலமும் ஊதாவும் மினுங்கியது. அடியில் வெள்ளையும் அப்படியே இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "விபூதிக்கு மேல சந்தனமா?" என்றார்.

ரின்ஸ் எய்ட் அழுக்கை எடுக்கிற சாமான் இல்லை. கடைசியாகச் சுடுதண்ணீரில் அலசும்போது நாலைந்து மில்லி தானாகக் கலக்கும், அவ்வளவுதான். பாத்திரத்தின் மேல் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாய் நிற்காமல், மெல்லிய தாளாகப் படர்ந்து வழிந்துவிட வேண்டும். அதற்குத்தான் அது. முத்தாக நின்றால் ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வட்டப் புள்ளி வைத்துவிட்டுப் போகும். ஆகவே புள்ளி புள்ளியாக இருந்தாலோ, பாத்திரம் ஈரமாகவே வெளியே வந்தாலோ திருகை ஒரு எண் ஏற்றலாம். நீல மினுக்கல் தெரிந்தால் இறக்கலாம். மொத்தமாக வெள்ளை படர்ந்திருந்தால் அந்தத் திருகைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை. வழிந்து ஓடுகிற தண்ணீரே கல்லாக இருந்தால் அது என்ன செய்யும்?

அப்போது கீழ்வீட்டு மாமா சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். ஆர்.ஓ. ஆள் கொடுத்துவிட்டுப் போன டி.டி.எஸ். மீட்டர். எங்கள் தண்ணீரில் முக்கி, "தொள்ளாயிரம்!" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பேனா தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பையெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கணக்குப் போடும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டிஷ்வாஷருக்கு வேண்டியது கடினத்தன்மை. அது வேறு கணக்கு.

மீன்தொட்டிக் கடையில் அதற்கு ஒரு சின்ன கிட் கிடைக்கிறது. குப்பியில் ஐந்து மில்லி தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதலில் சிவப்பாக இருக்கும். எத்தனையாவது சொட்டில் பச்சையாகிறதோ அத்தனை ஜெர்மன் டிகிரி. நாங்கள் மூன்று பேரும் சமையலறை மேடையைச் சுற்றி நின்று எண்ணினோம். பத்து. பதினைந்து. இருபதில் என் மனைவி, "மருந்து கெட்டுப்போச்சோ என்னமோ" என்றாள். இருபத்தேழில் பச்சையானது. ஒரு டிகிரிக்குச் சுமார் 17.8 என்று பெருக்கினால் லிட்டருக்கு 480 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிற அளவு 200, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் போகட்டும் என்று விடுகிற உச்சம் 600. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் கல்லைக் கரைத்துக் குளித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரை வாங்கினால் தீராதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த மாத்திரைகளும் பொதுவாக 21 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று எங்கள் மெஷின் புத்தகத்திலேயே போட்டிருந்தது. நான் முன்னாடியே படித்திருக்க வேண்டிய புத்தகம்.

ஆக, உப்புதான். அந்த உப்பு பாத்திரத்தைத் தொடுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். மெஷினின் அடித்தளத்துக்குள் பிசின் மணிகள் நிறைந்த ஒரு அறை இருக்கிறது. அதை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறைய சோடியம் உட்கார்ந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரோடு ஏறுகிற கால்சியமும் மெக்னீசியமும் வாட்டசாட்டமான ஆட்கள், சோடியத்தை எழுப்பிவிட்டு சீட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கல் பஸ்ஸிலேயே தங்கிவிட, மென்மையான தண்ணீர் பாத்திரத்துக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் பஸ் பூராவும் கால்சியம்; இனி ஏற இடமில்லை. அப்போது மெஷின் கெட்டியான உப்புத் தண்ணீரை உள்ளே விடுகிறது. ஒண்டிக்கு ஒண்டி நின்றால் சோடியம் நோஞ்சான்தான். ஆனால் திருவிழாக் கூட்டமாக வந்தால் எந்த வாட்டசாட்டமும் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கின கல் சாக்கடைக்குப் போய்விடும். கழுவல் மறுபடி ஆரம்பம்.

கீழ்வீட்டு மாமா விடவில்லை. மென்மையாக்கின தண்ணீரிலும் பேனாவை முக்கி, "அதே தொள்ளாயிரம், ஏமாத்திட்டாங்க" என்றார். கால்சியம் பஸ்ஸில் ஏற, சோடியம் இறங்கினால் தண்ணீரில் கூட்டம் குறையுமா?

"உப்புதானே, ஜாடியில கல் உப்பு இருக்கே" என்று அம்மா எடுத்துக் கொடுத்தார். ஊறுகாய்க்கு அது அமிர்தம். இங்கே ஆகாது. கடல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் கூடவே வரும். எதை விரட்ட உப்புப் போடுகிறோமோ அதையே அள்ளிப் போட்ட கதை. தூள் உப்பு நைசாக இருப்பதால் கட்டிப்படும், உதிராக இருக்க அதில் சேர்க்கிற பொருளும் போய் அடைக்கும். பருமனாக, சுத்தமாக இருக்கிற டிஷ்வாஷர் உப்பே வேண்டும்.

முதல் தடவை மட்டும் அந்த அறையில் முதலில் தண்ணீர் நிரப்பி, பிறகு புனல் வைத்து உப்பைக் கொட்ட வேண்டும். எங்கள் மெஷினுக்குக் கிலோவுக்கு மேல் பிடித்தது. கொட்டக் கொட்ட உப்புத் தண்ணீர் வெளியே வழியும், அது இயல்பு. உடனே ஒரு கழுவல் ஓட்டிவிட வேண்டும். நான் நிரப்பிவிட்டு, கிரிக்கெட்டில் கடைசி இரண்டு ஓவர் பாக்கி என்று போனேன். விடிந்து பார்த்தால் மெஷினின் அடித்தட்டில் செம்புள்ளிகள். எவர்சில்வரையும் உப்பு அரிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

போதாததற்கு அவசரத்தில் மூடியை மரை ஏறாமல் கோணலாகத் திருகியிருந்தேன். அடுத்த கழுவலில் மறுபடி வெள்ளை. எலுமிச்சையைத் தேடினால் அம்மா அதற்குள் டம்ளரை நக்கிப் பார்த்துவிட்டார். "உப்புடா." சோதனை முடிந்தது. வெறும் தண்ணீரில் அலசினாலே போய்விட்டது. மூடியை நேராக்கி, 22 முதல் 30 டிகிரிக்கு என்று புத்தகம் சொன்ன H06-இல் கடினத்தன்மையை வைத்து, ரின்ஸ் எய்டை மூன்றுக்கு இறக்கினேன். பழைய கல்லைக் கரைக்க ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் போட்டு காலி மெஷினை ஓட்டினேன். அம்மா டம்ளரில் முகம் பார்த்தார். பாராட்டவில்லை, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

புது ஞானத்தோடு கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன், கையில் ஒரு பை உப்போடு. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "ஏனுங் மச்சான், உப்பெல்லாம் நாங்க போடறதே இல்லீங்களே" என்றார். அவர்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி. கிட்டை எடுத்தேன். முதல் சொட்டில் சிவப்பு, இரண்டாவதில் பச்சை. உப்புப் பையை மெதுவாகப் பின்னால் தள்ளினேன். அந்தத் தண்ணீருக்கு வெறும் பவுடர் தாராளம். மெஷினில் கடினத்தன்மையைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும். கழுவி முடித்ததும் கதவைத் திறந்து ஆவியை விடுகிறாள், பிளாஸ்டிக் டப்பாக்களை மட்டும் துடைக்கிறாள். அதனால் ரின்ஸ் எய்டும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அவளுடைய கண்ணாடி டம்ளர்களும் மங்கிப்போயிருந்தன. எலுமிச்சை தேய்த்தோம், வினிகரில் ஊறப்போட்டோம், நக்கியும் பார்த்தோம். அசையவில்லை. மென்மையான தண்ணீரில் அளவுக்கு மிஞ்சிப் பவுடர் போட்டு, அதிக சூட்டில் ஓட்டினால் அது கண்ணாடியையே அரித்துவிடும். அது படிந்த வெள்ளை இல்லை, கண்ணாடி போன வெள்ளை, திரும்ப வராது. "அண்ணா, நல்லா சுத்தமாகட்டும்னு ரெண்டு மடங்கு போட்டேன்" என்றாள். பாதியாகக் குறைக்கச் சொன்னேன்.

ஏப்ரலில் எங்கள் போர் வற்றி, லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஒருநாள் காலை வாசலில் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா கையில் குப்பியோடு லாரிக்காரரை நிறுத்தி வைத்திருந்தார்.

"போன லாரி பதினெட்டு சொட்டுப்பா. இது முப்பத்தொண்ணு. எந்தக் கிணத்துல புடிச்ச?"

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் மெஷினை H07-க்கு மாற்றினேன்.