அட்வான்ஸைத் திருப்பித் தராமல் பிஜி நடத்துவது எப்படி?

ஒரகடத்திலோ மாத்தூரிலோ சுங்குவார்சத்திரத்திலோ உங்களுக்கு ஒரு வீடும், அதன்மேல் இரண்டு மாடி எழுப்பக் கொஞ்சம் கடனும் இருந்தால் போதும், நீங்கள் பிஜி ஓனர். ரூமுக்கு ஆறு இரும்புக் கட்டில், மாடிக்கு ஒரு பாத்ரூம், கீழே ஒரு மெஸ். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் தாமாகவே வந்து இறங்குவார்கள். இனி உங்களுக்குத் தேவை ஒரு விதிமுறைப் பலகை மட்டும்தான். அதை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பலகையை நீங்களாக யோசித்து எழுத வேண்டாம். ஃப்ளெக்ஸ் கடையில் சொன்னால், ஏதோ ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்கு அடித்த ஃபைலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். காலை டிபன் 7.30 முதல் 9 வரை. இரவுச் சாப்பாடு 8 முதல் 9.30 வரை. 9.30க்கு கேட் பூட்டப்படும். தாமதமாக வந்தால் 100 ரூபாய் அபராதம். இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்.

உங்களிடம் தங்குகிற ஒருவர்கூட இந்த நேரத்தில் வாழவில்லை என்பதுதான் இந்தப் பலகையின் அருமை. முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு என்றால் கம்பெனி பஸ் 5 மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். உங்கள் இட்லிப் பானை அப்போது அடுப்பில்கூட ஏறியிருக்காது. இரண்டாம் ஷிஃப்ட் இரவு 10 மணிக்கு விட்டால், பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பாக ஆளை இறக்கிக்கொண்டு வர 11 ஆகும். நைட் ஷிஃப்ட்காரர் காலை 7 மணிக்கு மேல் வந்து படுப்பார். அவர் கண் அசரும் நேரத்தில்தான் உங்கள் வீட்டு மோட்டாரும் வாளிச் சத்தமும் ஆரம்பிக்கும். பல கம்பெனிகளில் ஷிஃப்ட் வாராவாரம் மாறும். ஆகவே யாரை எந்த வாரத்தில் எடுத்துக்கொண்டாலும் அவர் ஏதோ ஒரு விதியை மீறியே ஆக வேண்டும். யாராலும் கடைப்பிடிக்க முடியாத விதியால் உங்களுக்குப் பெரிய வசதி. எல்லாரும் எப்போதும் தப்பு செய்தவர்களாகவே இருப்பார்கள். உங்களுக்கு வேண்டாதவரை மட்டும் எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா லேடீஸ் பிஜி நடத்துகிறார். அவரிடம் மட்டும் போய் யோசனை கேட்டுவிடாதீர்கள். அவர் பலகையில் கேட் பூட்டும் நேரமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு நோட்டை நீட்டுவார். அந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பெண்கள் எழுதிவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். ஓவர்டைம் என்றாலோ பஸ் தாமதம் என்றாலோ ஒரு போன் செய்தால் போதும். லீவு நாளில் மட்டும் இரவு 10. தாமதமாக வந்தாலும் முதலில் கேட்டைத் திறப்பார், கேள்வியெல்லாம் காலையில்தான். பெண்ணை ராத்திரியில் வாசலில் நிற்க வைப்பது எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி என்று கேட்கிறார். ஒரே ஷிஃப்டில் சுழலுகிறவர்களை ஒரே ரூமில் போட்டு, நைட் முடிந்து தூங்கும் ரூம் இருக்கிற மாடியில் மதியம் 1 மணிக்கு முன்னால் துடைப்பமே எடுக்கக் கூடாது என்று வேலைக்காரம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இப்படி நடத்தினால் ஓர் அபராதமும் வசூலாகாது. நமக்குக் கட்டுப்படியாகாத யோசனை.

அடுத்து சாப்பாடு. ‘மூன்று வேளை உணவுடன் மாதம் 6,500’ என்று மொத்தமாகச் சொல்லுங்கள். கட்டிலுக்கு எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு என்று எக்காரணம் கொண்டும் பிரித்துச் சொல்லாதீர்கள். பிரித்துச் சொன்னால் பையன் யோசிக்க ஆரம்பிப்பான்: ஷிஃப்டில் ஒரு வேளை கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறேன், இன்னொரு வேளை தூங்கிவிடுகிறேன், மீதி ஒன்றுக்கா இவ்வளவு? அக்கா படுக்கைக்கு 4,000, சாப்பாட்டுக்கு 2,500 என்று தனித்தனியாக ரசீது எழுதுகிறார். ஒரு வேளை வேண்டாம் என்றால் முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள் பெயரை அடித்துவிட வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ ஊருக்குப் போனால் நாளுக்கு 50 ரூபாய் கழிவு. 2,500ஐ முப்பதால் வகுத்தால் 83 வருகிறதே என்று ஒரு பெண் கேட்டாளாம். சமையல்காரம்மா சம்பளமும் கேஸும் நீ ஊருக்குப் போனாலும் ஓடும், அரிசி காய்கறிதான் மிச்சம் என்று கணக்கைக் காட்டிவிட்டார். அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டாள். கணக்கைக் காட்டினால் ஓனர் பக்கமும் நியாயம் இருப்பது தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் ஷிஃப்ட்காரர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று வைக்க நேர்ந்தால், ஏழரைக்கு வடித்த சோற்றையும் குழம்பையும் மூடிபோட்டு மேசையில் வைத்துவிடுங்கள். 11 மணிக்கு வந்து தாங்களே போட்டுக்கொள்ளட்டும். நம் ஊர்ச் சூட்டில் மூன்றரை மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கிற சோற்றில் கிருமி பெருகும் என்பார்கள். ஒருமுறை பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால் அப்புறம் சுடவைத்தும் பயனில்லை என்பார்கள். அக்கா அதற்காகவே கடைசிப் பானையை 10 மணிக்கு மேல் தனியாக வைக்கச் சொல்லி, குழம்பைக் கொதிக்கவைத்துத் தருகிறார். வீண் செலவு.

வீண் செலவு மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியாததால் சாவு வதந்தி கிளம்பியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. ஐபோன் செய்கிற ஆலை நின்றதற்குக் காரணம் ஒரு மெஸ். அதற்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது. அது வந்துவிட்டதே என்று நீங்கள் பயப்பட வேண்டாம். இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அது போதாது. பெண்கள் தங்கினால் 2014ஆம் வருடத்து ஹாஸ்டல் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும், மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்றெல்லாம் யாராவது சொன்னால், அந்தச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

விருந்தினர் விஷயத்துக்கு ஒரு வரி போதும்: ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.’ விடிகாலை பஸ்ஸில் மஞ்சள் பையோடு வந்து இறங்கும் அப்பாவும் இதில் வெளியாள்தான். அக்காவோ பகலில் ஹாலில் உட்காரலாம், ரூமுக்குப் போகக் கூடாது என்கிறார். அம்மாவோ அக்கா தங்கச்சியோ ராத்திரி தங்கினால் ஆதார் நகலும் 150 ரூபாயும் வாங்கிக்கொண்டு சாப்பாடும் போட்டுவிடுகிறார். அதே ரூமில் தூங்குகிற மற்ற ஐந்து பேரிடமும் முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கண்டிப்பு.

இனி அட்வான்ஸ். தொழிலின் உயிர்நாடி இங்கேதான்.

பையன் உங்களிடம் 10,000 கட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்ட் வேலை, திடீரென்று முடிந்துவிட்டது. ஜூன் 7ஆம் தேதி வந்து, காலி பண்ணப் போகிறேன் அண்ணா என்கிறான். நீங்கள் முகம் மாறக் கூடாது. ‘ஒரு மாத நோட்டீஸ் தம்பி’ என்று சாந்தமாகச் சொல்லுங்கள். ஒரு மாதம் என்றால் ஜூலை 7 என்று அவன் நினைத்துக்கொள்வான். நீங்களோ 5ஆம் தேதிக்குள் சொல்லாததால் நோட்டீஸ் ஜூலை 1இல்தான் ஆரம்பிக்கிறது என்பீர்கள். முழு ஜூலைக்கும் 6,500. மெயின்டனன்ஸ் 2,000. சுவருக்குச் சுண்ணாம்பு 600. மெத்தை சுத்தம் 500. கரண்ட் 300. ஆக 9,900. மீதி நூறு ரூபாயை எடுக்கப் போகும்போது, சாவி தொலைந்தது ஞாபகம் வர வேண்டும்; அதற்கு 150. இப்போது பையன்தான் உங்களுக்கு 50 ரூபாய் பாக்கி. அதை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பெருந்தன்மை என்று பேர் கிடைக்கும்.

அக்கா இதே கணக்கை எப்படிப் போடுவார்? நோட்டீஸ் சொன்ன தேதியிலிருந்து முப்பது நாள், ஜூலை 7. ஜூன் மாதத்துக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஜூலையில் ஏழு நாளுக்கு, 6,500ஐ 31ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் 1,468. சப்மீட்டர் காட்டிய கரண்ட் 300. சாவி 150. ஆக 1,918 போக, 8,082 கையில். சுண்ணாம்பும் மெத்தையும் மாத வாடகைக்குள்ளேயே அடக்கம் என்கிறார். ஆள் தங்கினால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். உடைத்த பொருளுக்கு மட்டும் பிடிப்பார். அதற்காகச் சேர்கிற அன்றே கட்டில், மெத்தை, லாக்கர், ஃபேன் நான்கையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். கட்டிலுக்கு வேறு ஆள் முன்னதாகவே வந்துவிட்டால் மீதி நாள் வாடகையையும் விட்டுவிடுவார். ஒரே கட்டிலுக்கு இரண்டு பேரிடம் காசு வாங்கக் கூடாதாம்.

தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கட்டிலும் சாப்பாடுமாக விடுகிற பிஜிக்கு அது பொருந்துமா என்று கேட்டால், வக்கீலைப் பார் தம்பி என்று அனுப்பிவிடுங்கள். ஊருக்குப் போக பஸ் காசு தேடுகிறவன் வக்கீலைப் பார்க்க மாட்டான்.

நோட்டீஸில் இன்னும் ஒரு நுட்பம் பாக்கி. அது ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு கான்ட்ராக்டர் வந்து, மாடி முழுவதையும் என் ஆட்களுக்கே கொடுங்கள், கட்டிலுக்கு 500 கூடுதல் என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு ‘நாளைக்குள் காலி பண்ணு’ என்று சொல்ல உங்கள் வாய் சுதந்திரமாக இருக்க வேண்டும். அக்கா அதற்கும் முப்பது நாள் எழுதிக்கொடுத்து, தன் வாயைத் தானே பூட்டிக்கொண்டார். அதற்குள் சொல்ல முடியாமல் வெளியேற்ற நேர்ந்தால் அட்வான்ஸ் முழுதையும் அன்றே கொடுத்து, அரை மாத வாடகையும் சேர்த்துத் தருவாராம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான பையன்கள் வந்ததும் வைஃபை உண்டா, ஞாயிற்றுக்கிழமை சிக்கனா முட்டையா என்றுதான் கேட்பார்கள். எப்போதாவது ஒருவன் பையைக்கூடக் கீழே வைக்காமல், ‘காலி பண்றப்போ என்னென்ன பிடிப்பீங்கண்ணா? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா?’ என்பான். உடனே ரூம் எல்லாம் ஃபுல் என்று சொல்லிவிடுங்கள். அக்கா வீட்டு வழி கேட்டால், அது லேடீஸ் பிஜி தம்பி என்று நிம்மதியாகச் சொல்லலாம்.