கடுதாசியும் கவுன்சிலரும்

அம்முணி, அந்தக் கடுதாசியை இப்படிக் குடு. "அறியாமை இருள் அகற்றிய ஞானச் சுடரே, அர்ப்பணிப்பின் சிகரமே..." அட சாமி! செல்போன்ல இருந்து எறக்குனதா? டீச்சர் பேரை அழிச்சுப்போட்டு நம்ம வார்டு கவுன்சிலர் பேரை எழுதிப் பாரு, கச்சிதமா உக்காருது. பிளெக்ஸ் அடிச்சு ரோட்டோரம் கட்டிப்போடலாம்.

சரி, வருசம் பூரா அந்த டீச்சரம்மா நம்ம பையனுக்கு என்னதான் பண்ணுனாங்க? முழிக்காதே, நான் சொல்றேன். ஆடி மாசம் திண்ணையில உக்காந்து 42-ல 17 போனா 35-ன்னு எழுதினான். ரெண்டுல ஏழு போகாதுன்னு, ஏழுல ரெண்டைக் கழிச்சு வெச்சிருந்தான். நீ சோம்பேறின்னு மண்டையில குட்டுனே. டீச்சர் குட்டலை. கடன் வாங்கறதுன்னா என்னன்னே பையனுக்குப் புடிபடலைன்னு கண்டுபுடிச்சாங்க. ஈக்குமாத்துக் குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டு நாலு கட்டு, உதிரியா ரெண்டு குச்சி, கையில குடுத்துட்டு "17 எடு"ன்னாங்களாம். உதிரி பத்தலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவனே ஒரு கட்டைப் பிரிச்சான். இப்ப மூணு கட்டு, உதிரி 12. ஏழை எடுத்தா அஞ்சு நிக்குது, ஒரு கட்டை எடுத்தா ரெண்டு கட்டு நிக்குது. 25!

தை மாசம் 50 ரூபா குடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கியாறச் சொன்னேன். கடைக்காரன் எட்டு ரூபா மிச்சம் குடுத்திருக்கான். பய அங்கயே நின்னு இன்னும் பத்து ரூபா வாங்கிட்டுத்தான் வந்தான்.

குச்சி குடுத்தது டீச்சருக்குத் தெரியும். அது கடை வரைக்கும் போனது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? உன்னால மட்டுந்தான் சொல்ல முடியும். ஆடியில 35, தையில அந்தப் பத்து ரூபா. அதை மட்டும் எழுது, அரைப் பக்கம் போதும்.

கீழே என்ன இது? "அடுத்த வருடமும் முன் பெஞ்சில் அமர வைக்கவும்." நன்றிக்கு வால்ல மனுவைக் கட்டுறியாக்கும்! நாங்களும் வாத்தியாருக்குப் பூசணிக்காய் தூக்கிட்டுப் போனவங்கதான். அது நன்றியா? அடி கொறையட்டும்னுதான். அந்த வரியை அடி.

பட்டுச் சேலை எடுக்கற யோசனையையும் விடு. அரசு ஊழியருக்கு 1973-லயே நடத்தை விதி போட்டு வெச்சிருக்காங்க, அன்பளிப்பு வாங்கறதுக்குக் கட்டுப்பாடு உண்டு. வாங்கவும் முடியாம மறுக்கவும் முடியாம அந்தம்மா நெளியறதைப் பார்க்கவா போறே?

கடைசியில பையன் கையால ஒரு வரி எழுதச் சொல்லு. நீ திருத்தாதே. நேத்தே எழுதிக் காட்டினான்: "டீச்சர், ரெண்டு ரப்பர் பேண்டு என்கிட்ட இருக்கு."

சீக்கிரம் முடி அம்முணி, வெள்ளிக்கிழமையோட பள்ளிக்கூடம் லீவு.