பொருளாளரின் இருபத்துநாலு வீதம்

எங்கள் சுயஉதவிக் குழுவுக்கு நான் பொருளாளராகத் தெரிவானதற்கு ஒரே தகுதி, ஓ.எல். பரீட்சையில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்திருந்ததுதான். அந்த ‘ஏ’யை நம்பித்தான் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் கரையோரத்துப் பெண்கள் வலைக்கும் மீன் வியாபாரத்துக்கும் தையல் மெசினுக்கும் குழுவில் கடன் எடுத்தார்கள். கணக்குக் கொப்பி என் கையில் இருந்தது. எழுத்து அழகாக இருக்கும். குறை சொல்ல முடியாது.

என் முறை இதுதான். கடன் 52,000 ரூபாய். வட்டி வருடத்துக்கு 24 வீதம், அதாவது 12,480 ரூபாய். இரண்டையும் கூட்டி 52 கிழமைக்குப் பிரித்தால், கிழமைக்கு 1,240: முதலுக்கு 1,000, வட்டிக்கு 240. சில்லறைப் பிரச்சினை கூட இல்லை. இவ்வளவு அழகாகப் பிரிபடும் கணக்கில் பிழை இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து நாங்கள் திட்டாத நாளில்லை. 2018இல் அரசாங்கம் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு அறிவித்தபோது, “எங்கட குழு அதுக்கும் கீழ, இருவத்துநாலு தானே” என்று கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவளும் நானே.

மீன் விற்கும் அக்கா ஒருவர் பாதிக் கடனைக் கட்டிய பிறகு கேட்டார்: “பிள்ளை, இருவத்தாறாயிரம் கட்டியாச்சு. பிறகேன் வட்டி அதே இருநூத்திநாப்பது?”

“அது அப்பிடித்தான் அக்கா” என்றேன். கணக்குத் தெரியாத பொருளாளருக்கு இதைவிடக் கைகொடுக்கும் பதில் கிடையாது.

ஆனால் கேள்வி போகவில்லை. கொப்பியின் கடைசி வரியைப் பார்த்தேன். 52ஆவது கிழமை அக்கா கையில் மிஞ்சியிருக்கும் கடன் 1,000 ரூபாய். அதற்கு ஒரே கிழமைக்கு நான் வாங்கப்போகும் வட்டி 240! கிழமை வட்டிக்காரனே கூசிப்போவான்.

கோளாறு இதுதான். கட்டக் கட்டக் கடன் குறைகிறது, நான் மட்டும் முதல் நாள் கொடுத்த 52,000க்கே வருடம் முழுக்க வட்டி போட்டுக்கொண்டிருந்தேன். சராசரியாகப் பார்த்தால் கடன்காரரிடம் வருடம் முழுக்க இருந்தது அதில் ஏறக்குறையப் பாதிதான். மிஞ்சிய கடனுக்கு மட்டும் வட்டி என்று திருப்பிப் பார்த்தால், கிழமைக்கு 1,240 கட்டும் கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு 44 வீதமளவில் வருகிறது. நெஞ்சை நிமிர்த்தியவள் தலையைக் குனிந்தாள்.

உண்மையான 24 வீதம் என்றால், முதற்கிழமை வட்டி 52,000க்கு 240. அதில் மாற்றமில்லை. கட்டுவதோ 1,127 ரூபாய். வட்டி போக 887 முதலில் கழியும். அடுத்த கிழமை 51,113க்குத்தான் வட்டி, அது 236. கட்டும் தொகை அதேதான். வட்டி தேய, முதல் கூடுதலாகக் கழியும். பாதி வருடத்தில் கிழமை வட்டி 130க்கும் கீழே வந்துவிடும். வருடம் முழுக்க மொத்த வட்டி ஏறக்குறைய 6,610 ரூபாய். என் அழகான கொப்பி வாங்கிய 12,480இல் பாதியளவுதான்.

புதிய முறைக்கு மாறினோம். அதிலும் என் கைவரிசை தப்பவில்லை. சில்லறைக்காக 1,127ஐ 1,130 ஆக்கினேன். மேலதிகமாகக் கட்டிய அந்த மூன்று ரூபாய்கள் சேர்ந்து கடனைக் குறைத்திருப்பதால் கடைசித் தவணை ஏறக்குறைய 960 ஆகவேண்டும். நானோ கடைசியிலும் 1,130 வாங்கிக்கொண்டேன். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அக்கா சொன்னார்: “இந்தக் காசைப் பாத்தாத்தான் நீ படிச்சவள் எண்டு நம்பலாம் போல கிடக்கு.”

குழுவில் சிலருக்கு இன்னும் குறை: வட்டி பாதியானால் குழுவின் நிதி எப்படி வளரும்? நியாயமான கேள்வி. வட்டி எங்களுக்கே திரும்பி வருகிறது. குழு கூடி 44 வீதம் என்றே தீர்மானித்தாலும் அது எங்கள் உரிமை. ஆனால் கொப்பியில் 44 என்று எழுதவேண்டும். 24 என்று எழுதி 44 வாங்கினால், நான் திட்டிய கம்பனிக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் கையெழுத்து மட்டுமே.

ஆகவே தவணைக் கடன் எடுப்பவர்களுக்கு, பட்டுத் தெளிந்த பொருளாளரின் ஒரு சொல்: வீதம் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வட்டி மிஞ்சிய கடனுக்கா, எடுத்த முழுத்தொகைக்கா என்று கேளுங்கள். “அது அப்பிடித்தான்” என்று யாராவது சொன்னால், கடைசிக் கிழமையின் வட்டியை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.